அரசாங்கம் செலவு செய்தால் வட்டி ஏறுமா? – மாமனாருக்கு நான் போட்ட தப்புக் கணக்கு

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த விஷயம். கொஞ்சம் அசடு வழிய வேண்டியிருக்கும் என்பதுதான் காரணம். போன ஞாயிற்றுக்கிழமை மகள் அந்தச் சாக்கையும் பறித்துவிட்டாள்.

இங்கே நாக்பூரில் கல்லூரியில் பொருளாதாரம் படிக்கிறாள். செமஸ்டர் பரீட்சை. நோட்டில் ஒரு பெருக்கல் குறி மாதிரி இரண்டு கோடு போட்டு, மேலே இறங்குவதற்கு ஐ.எஸ்., ஏறுவதற்கு எல்.எம். என்று எழுதி வைத்துக்கொண்டு, "அப்பா, அரசாங்கம் செலவைக் கூட்டினா ஐ.எஸ். வலது பக்கம் நகரும், வருமானமும் ஏறும், வட்டியும் ஏறும். சரிதானே? மனப்பாடம் பண்ணிட்டேன்" என்றாள்.

சுருக்கென்றது. 2020 மே மாதம் நான் மாமனாரிடம் சொன்னது கிட்டத்தட்ட இதே வாக்கியம்தான்.

கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன். மாமனார் கரூர்க்காரர். ஓய்வுப் பணத்தில் பன்னிரண்டு லட்சம் வைப்புத்தொகை அந்த மே மாதம் முதிர்ந்தது. ஊரடங்கு. நான் இங்கே, அவர் அங்கே. அதே வாரத்தில் மத்திய அரசு அந்த ஆண்டுக்கான சந்தைக் கடனை 7.8 லட்சம் கோடியிலிருந்து 12 லட்சம் கோடியாக உயர்த்துவதாக அறிவித்தது. போனில் கேட்டார்: "மாப்ள, அஞ்சு வருசத்துக்குப் போட்டுறலாங்களா, இல்ல வட்டி ஏறுங்களா?" நான் பி.காம். காலத்து ஞானத்தை எடுத்து விட்டேன். "அரசாங்கம் இவ்வளவு கடன் வாங்கினா வட்டி ஏறியே தீரும் மாமா. கொஞ்சம் பொறுங்க." "நீங்க பேங்க்ல இருக்கறீங்க, நீங்களே சொல்லிட்டீங்கன்னா அப்புறம் அப்பீல் ஏதுங்க" என்று பணத்தைச் சேமிப்புக் கணக்கிலேயே விட்டுவிட்டார். இரண்டு வருஷம் வட்டி ஏறவே இல்லை. அன்றைக்கே போட்டிருந்தால் மூத்த குடிமக்களுக்கு ஆறு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே கிடைத்திருக்கும். சேமிப்புக் கணக்கில் மூன்றுக்கும் கீழே. வருஷத்துக்கு ஏறக்குறைய 36,000 ரூபாய். மனுஷர் இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் இன்னும் சங்கடம்.

எங்கே தப்பினேன் என்பது மகளின் அந்த இரண்டு கோட்டிலேயே இருக்கிறது. ஆனால் கோடு எப்படி வருகிறது என்று தெரியாமல் மனப்பாடம் செய்தால் தப்பு கண்ணில் படாது. அதனால் அன்றைக்கு மகளுக்குச் சொன்னதை அப்படியே இங்கே எழுதுகிறேன். கணக்கு என்றதும் ஓடிவிடாதீர்கள், எல்லாம் கூட்டல் கழித்தல்தான் :-)

ஒரு குட்டி நாடு. வெளிநாட்டு வியாபாரம் கிடையாது, விலைவாசி மாறாது என்று வைத்துக்கொள்வோம் (இந்த இரண்டாவதைப் பிறகு உடைப்பேன்). நாட்டில் உற்பத்தியாகும் பொருளை மூன்று பேர் வாங்குகிறார்கள். குடும்பங்கள் வாங்குவது C, தொழில் செய்கிறவர்கள் இயந்திரம், கட்டடம் என்று போடும் முதலீடு I, அரசாங்கம் வாங்குவது G. மூன்றும் சேர்ந்தது எவ்வளவோ அவ்வளவுதான் நாட்டின் வருமானமும். Y = C + I + G.

குடும்பங்கள் வரி போகக் கையில் நிற்பதில் ரூபாய்க்கு 75 பைசா செலவு செய்கிறார்கள், அதற்கு மேல் எப்படியும் ஒரு 100. வரி 100. ஆக C = 100 + 0.75(Y − 100). தொழிலதிபர்கள் வட்டியைப் பார்த்துத்தான் முதலீடு செய்வார்கள். வட்டி ஒரு சதவீதம் ஏறினால் முதலீடு 25 குறையும்: I = 275 − 25r. அரசாங்கச் செலவு 100. எல்லாவற்றையும் போட்டுச் சுருக்கினால் Y = 1600 − 100r. இதுதான் ஐ.எஸ். கோடு, அவ்வளவுதான்.

சமன்பாட்டை விட, அதற்குள் நடப்பது முக்கியம். வட்டி 6 என்றால் வருமானம் 1000. வட்டி 8-க்கு ஏறினால் முதலீடு 50 குறைகிறது. ஆனால் வருமானம் 50 மட்டும் குறைவதில்லை. இயந்திரம் விற்காதவன் கையில் 50 குறைந்தால் அவன் கடையில் 37.50 குறைத்து வாங்குவான். கடைக்காரர் அதில் முக்கால் பங்கைக் குறைப்பார். இப்படியே போய் மொத்தம் 200 குறைந்து 800-ல் நிற்கும். 50-க்கு நான்கு மடங்கு. மாறாக வட்டி 4 என்றால் வருமானம் 1200. வட்டி ஏற ஏற, பொருள் சந்தை சமனாகும் வருமானம் இறங்குகிறது. கோடு கீழ்நோக்கி வருவதற்குக் காரணம் இதுதான்.

அடுத்தது எல்.எம். இங்கேதான் பெரும்பாலான பிள்ளைகள் மனப்பாடத்துக்குப் போகிறார்கள், புத்தகங்களும் அவசரமாகக் கடந்துவிடுகின்றன. எங்கள் தொழில் இதுதான் என்பதால் நான் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

சொத்தை இரண்டு விதமாக வைக்கலாம் என்று கொள்வோம். ஒன்று, பணம்: கையில் இருப்பதும், எப்போது வேண்டுமானாலும் எடுக்கும் கணக்கில் இருப்பதும். வட்டி கிடையாது, ஆனால் காய்கறிக்காரரிடம் செல்லும். இன்னொன்று, கடன் பத்திரம். வட்டி உண்டு, ஆனால் அதைக் கொடுத்துக் கத்திரிக்காய் வாங்க முடியாது. வருமானம் கூடினால் கொடுக்கல் வாங்கல் கூடும், கையில் பணம் அதிகம் வேண்டும். வட்டி கூடினால் பணத்தைச் சும்மா வைத்திருப்பது நஷ்டம், குறைத்துக்கொள்வார்கள். நம் குட்டி நாட்டில் பணத்தேவை 0.5Y − 50r. ரிசர்வ் வங்கி விட்டிருக்கும் பணம் 200, அதை மாற்றப்போவதில்லை. தேவையும் இருப்பும் சமம் என்று போட்டால் Y = 400 + 100r. இது எல்.எம். வட்டி 4-ல் 800, 6-ல் 1000, 8-ல் 1200.

இது மேல்நோக்கி ஏறுவது ஏன்? வருமானம் 1000-லிருந்து 1200 ஆகிறது என்று வையுங்கள். எல்லோருக்கும் கையில் இன்னும் 100 பணம் வேண்டும். ஆனால் நாட்டில் இருப்பதே 200தான், ஒரு ரூபாய் கூட அதிகம் கிடையாது. என்ன செய்வார்கள்? கையில் இருக்கும் பத்திரத்தை விற்றுப் பணமாக்கப் பார்ப்பார்கள். எல்லோரும் விற்க வந்தால் பத்திரத்தின் விலை விழும். வருஷத்துக்கு 6 ரூபாய் வட்டி தரும், முதிர்வே இல்லாத ஒரு பத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது 100 ரூபாய்க்கு விற்றால் வாங்குகிறவருக்கு வரவு 6 சதவீதம். 75 ரூபாய்க்கு விழுந்தால் அதே 6 ரூபாய் இப்போது 8 சதவீதம். பத்திர விலை விழுவதும் வட்டி ஏறுவதும் இரண்டு நிகழ்ச்சி இல்லை, ஒன்றேதான். (எங்கள் கருவூலப் பிரிவில் வேலை பார்ப்பவர்கள் வட்டி ஏறினால் முகம் வாடிப் போவது இதனால்தான். வீட்டில் தங்கமணிக்கு இதைப் புரியவைக்க எனக்குப் பத்து வருஷம் ஆயிற்று.) வட்டி 8 ஆனதும் "சரி, பணத்தைச் சும்மா வைக்க வேண்டாம்" என்று போதுமான பேர் பத்திரத்துக்குத் திரும்புவார்கள். விற்பனை நிற்கும்.

இரண்டு கோடும் வெட்டும் இடம் வட்டி 6, வருமானம் 1000. குடும்பங்கள் 775, முதலீடு 125, அரசாங்கம் 100. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும்.

இப்போது அரசாங்கம் செலவை 50 கூட்டுகிறது. வரி கூட்டவில்லை, கடன் வாங்கிச் செலவு. ஐ.எஸ். இப்போது Y = 1800 − 100r. வட்டி அப்படியே 6-ல் நின்றால் வருமானம் 1200-க்குப் போகவேண்டும், நான்கு மடங்குக் கணக்கு. ஆனால் நிற்காது. வருமானம் ஏறும்போதே பணத்தேவை ஏறி, பத்திர விற்பனை தொடங்கி, வட்டி ஏறி, முதலீட்டைக் கடிக்க ஆரம்பிக்கும். புதிய வெட்டுப்புள்ளி வட்டி 7, வருமானம் 1100. முதலீடு 125-லிருந்து 100-க்கு இறங்கியிருக்கிறது. அரசாங்கம் 50 உள்ளே வந்தது, தனியார் 25 வெளியே போனார்கள். 200 வரவேண்டிய இடத்தில் 100தான் வந்தது.

மகள் மனப்பாடம் செய்தது இதைத்தான். தப்பில்லை. நான் மாமனாரிடம் சொன்னதும் இதைத்தான். ஆனால் மேலே போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னேன், கவனித்தீர்களா? "பணம் 200, அதை மாற்றப்போவதில்லை." முழு வட்டி உயர்வும் அந்த ஒரு வரியில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

ரிசர்வ் வங்கி வேறு மாதிரி நடந்துகொண்டால்? "வட்டி 6-ஐத் தாண்டவிடமாட்டேன்" என்று உட்கார்ந்துவிட்டால்? மக்கள் விற்கும் பத்திரத்தை அதுவே வாங்கிக்கொண்டு புதுப் பணத்தைக் கொடுக்கும். பணம் 200-லிருந்து 300 ஆகும். வட்டி 6-லேயே நிற்கும், வருமானம் முழு 1200-க்குப் போகும், முதலீடு 125-ல் அசையாது. அதே அரசாங்கம், அதே 50, அதே கடன். வட்டி ஏறவில்லை. எல்.எம். கோடு ஏறு கோடாக இல்லாமல் படுத்துக்கிடக்கும் கோடாகிவிட்டது.

இன்றைக்கு நம் நாட்டில் நடப்பது பெரும்பாலும் இரண்டாவது வகைதான். 1985-ல் சக்கரவர்த்தி குழு அறிக்கைக்குப் பிறகு 1998 வரை பணத்தின் அளவுக்கு இலக்கு வைத்துப் பார்த்தார்கள். அந்தக் காலத்துக்கு எங்கள் பாடப்புத்தகப் படம் ஓரளவு பொருந்தும். 2016-லிருந்து பணவீக்கத்துக்குத்தான் இலக்கு. ஆறு பேர் கொண்ட குழு ரெப்போ வட்டியை முடிவு செய்கிறது, பணத்தின் அளவு அதற்கேற்ப அமைந்துகொள்ளும். ரிசர்வ் வங்கி வட்டியைப் பிடித்துக்கொண்டு பணத்தை விட்டுவிடுகிறது. நான் படித்த படம் பணத்தைப் பிடித்துக்கொண்டு வட்டியை விட்டுவிட்டது. இருபது வருஷம் வங்கியில் வேலை பார்த்தும் இந்தத் தலைகீழ் என் மண்டையில் ஏறவில்லை பாருங்கள்.

2020-ல் என்ன நடந்தது? மார்ச் 27 அன்று ரெப்போ 5.15-லிருந்து 4.40. மே 22 அன்று 4.00. அங்கேயே 2022 மே வரை. பத்திரங்களைச் சந்தையில் தானே வாங்கவும் செய்தது ரிசர்வ் வங்கி. மத்திய அரசின் நிதிப் பற்றாக்குறை முந்தைய ஆண்டின் 4.6 சதவீதத்திலிருந்து 9.2 சதவீதத்துக்குத் தாவியும், பத்து வருஷப் பத்திரத்தின் வரவு 6 சதவீதத்தைச் சுற்றியே நின்றது. இன்னொன்றையும் நான் விட்டுவிட்டேன். ஊரடங்கில் குடும்பங்களும் தொழில்களும் செலவைச் சுருக்கியதில் ஐ.எஸ். முதலில் இடது பக்கம் வேகமாக ஓடிவிட்டது. அரசாங்கச் செலவு அதைப் பாதி தூரம் திருப்பி இழுத்ததே தவிர, பழைய இடத்துக்கு வலது பக்கம் கொண்டுபோகவில்லை. எங்கள் கிளையிலேயே அனுமதித்த கடன் வரம்பை எடுக்க ஆளில்லாமல் கிடந்தது. அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டேதான் "வட்டி ஏறும் மாமா" என்று சொல்லியிருக்கிறேன்.

அப்படியென்றால் அரசாங்கக் கடன் வட்டியை ஏற்றவே ஏற்றாதா? அப்படியும் இல்லை. 2008-09-ஐப் பாருங்கள். பட்ஜெட்டில் பற்றாக்குறை 2.5 சதவீதம் என்று போட்டார்கள். விவசாயக் கடன் தள்ளுபடி, ஆறாவது சம்பளக் குழு, டிசம்பரிலிருந்து வரிசையாக வரிக் குறைப்பும் ஊக்கச் செலவும். 6 சதவீதத்தில் வந்து நின்றது. அக்டோபரில் 9-ல் இருந்த ரெப்போவை 2009 ஏப்ரலுக்குள் 4.75-க்கு இறக்கியிருந்தார்கள். ஆனாலும் 2009 ஜனவரி தொடக்கத்தில் 5 சதவீதத்தை ஒட்டி இருந்த பத்து வருஷப் பத்திரத்தின் வரவு மார்ச் முடிவதற்குள் 7-ஐ எட்டியது. குறுகிய காலத்து வட்டி இறங்குகிறது, நீண்ட காலத்து வட்டி ஏறுகிறது! நம் படத்தில் ஒரே ஒரு வட்டிதான் உண்டு, இதை அதில் வரையவே முடியாது. ரிசர்வ் வங்கி நேரடியாகப் பிடிப்பது ஒரு நாள் வட்டியை. பத்து வருஷத்து வட்டி, இனி எவ்வளவு பத்திரம் வரப்போகிறது, விலைவாசி என்னாகும் என்ற சந்தையின் பயத்தையும் சுமக்கிறது. வேண்டுமானால் ரிசர்வ் வங்கி அதையும் வாங்கி அமுக்கலாம். 2009-லும் வாங்கியது, ஆனால் வந்து குவிந்த பத்திரத்துக்கு அது போதவில்லை.

இனி, உடைப்பேன் என்று சொன்னது. விலைவாசி மாறாது என்றோம். நம் குட்டி நாட்டின் தொழிற்சாலைகள் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன, 1000-க்கு மேல் ஒரு பொருள் கூடச் செய்ய முடியாது என்று வையுங்கள். அரசாங்கம் 50 கூட்டினால், வருமானம் கூட வழியில்லை, விலைதான் ஏறும். விலை ஏறினால் அதே 200 ரூபாய் பணத்துக்கு மதிப்புக் குறையும், எல்.எம். இடது பக்கம் நகரும். ஐ.எஸ். கோட்டில் வருமானம் 1000 என்று போட்டால் வட்டி 8 வரவேண்டும். முதலீடு 75. அரசாங்கம் எடுத்த 50-ம் முழுசாகத் தனியார் முதலீட்டிலிருந்து பிடுங்கியது. (பணத்தின் உண்மை மதிப்பு பாதியாகவேண்டும், அதாவது விலைவாசி இரட்டிப்பு. குட்டி நாடு என்பதால் கொஞ்சம் அதிகப்படி.) இந்த நேரத்தில் ரிசர்வ் வங்கி வட்டியை 6-ல் பிடித்து வைத்தால் விலை நிற்காமல் ஓடும்.

ஆகவே என் கட்சி இதுதான். "அரசாங்கம் கடன் வாங்குகிறது, அதனால்தான் உங்கள் வீட்டுக்கடன் தவணை ஏறுகிறது" என்று இங்கே தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் அடித்துப் பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. 2019 அக்டோபருக்குப் பிறகு வங்கிகள் கொடுத்த மாறும் வட்டி வீட்டுக்கடனெல்லாம் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு கட்டப்பட்டிருக்கிறது. அது ஏறவேண்டுமானால் அந்தக் குழு ஏற்றவேண்டும். 2022 மே தொடங்கி 2023 பிப்ரவரிக்குள் 4-லிருந்து 6.5 ஆக ஏற்றினார்கள், நம்மில் பலருக்குக் கடன் காலம் ரிட்டயர்மெண்டையும் தாண்டி நீண்டது. அந்த ஏற்றம் பற்றாக்குறை உச்சத்தில் இருந்த 2020-21-ல் வரவில்லை. விலைவாசி இலக்கைத் தாண்டி ஓடியபோது வந்தது. "எவ்வளவு கடன் வாங்கினாலும் ஒன்றும் ஆகாது" என்கிற எதிர்க்கட்சியோடும் எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் ஆலைகள் சும்மா கிடக்கும் காலத்துப் படத்தை எல்லாக் காலத்துக்கும் மாட்டப் பார்க்கிறார்கள்.

அரசாங்கச் செலவுச் செய்தி வந்தால் நான் இப்போது கடன் தொகையை முதலில் பார்ப்பதில்லை. சில்லறைப் பணவீக்கம் ரிசர்வ் வங்கியின் 4 சதவீத இலக்குக்கு மேலா கீழா, தொழிற்சாலைகள் எவ்வளவு திறனில் ஓடுகின்றன (ரிசர்வ் வங்கியே காலாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுத்து வெளியிடுகிறது), எங்கள் கிளையில் கடன் கேட்டு ஆள் வருகிறார்களா என்று பார்க்கிறேன். மூன்றும் சூடாக இருந்தால் வட்டி ஏறும் பக்கம். மூன்றும் ஆறிக் கிடந்தால், அரசாங்கம் எவ்வளவு வாங்கினாலும் வட்டியை அமுக்கி வைக்க ரிசர்வ் வங்கிக்கு இடமுண்டு.

படத்தை வரைந்த ஜான் ஹிக்ஸ் அதை 1937-ல் ஒரு கட்டுரையில் கொடுத்தார். 1980-களின் தொடக்கத்தில் அவரே, வகுப்பறைக்கு உதவும், அதற்கு மேல் எனக்கே அவ்வளவு திருப்தியில்லை என்ற தொனியில் திரும்ப எழுதினார். 2000-ல் டேவிட் ரோமர் எல்.எம்.-ஐ எடுத்துவிட்டு, மத்திய வங்கி வட்டி வைக்கும் விதத்தையே கோடாகப் போடச் சொன்னார். மகளின் பாடத்திட்டத்தில் இன்னும் ஏறு கோடுதான். பரீட்சையில் அதையே வரை, ஆனால் கீழே "பண அளவு மாறாது எனக் கொண்டால்" என்று ஒரு வரி எழுது, மதிப்பெண் போனால் நான் பொறுப்பு என்று சொல்லியிருக்கிறேன். "உங்க பொறுப்பு தாத்தா விஷயத்துலயே தெரியுமே" என்றாள். தங்கமணி உபயம்.

மாமனார் கடைசியில் 2023-ல் ஏழரை சதவீதத்துக்கு ஐந்து வருஷம் போட்டார். இழந்ததில் ஒரு பகுதி திரும்ப வரும். அதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை, அந்த முறை அவர் என்னைக் கேட்கவேயில்லை. போன வாரம் போனில் இந்த இரண்டு கோட்டுக் கதையையும் என் தப்பையும் முழுசாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதை விடுங்க மாப்ள, பொங்கலுக்கு டிக்கெட் போட்டுட்டீங்களா?" என்றார்.

இன்னும் போடவில்லை. வெயிட்டிங் லிஸ்ட் நூற்றுப் பதினான்கு.